‘கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது’ - இந்த ஒரு வரி போதாது!

காங்கேயம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

‘எங்கள் பகிர்மானக் கால்வாயின் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில், பொதுக்குழுக் கூட்டத்துக்குக் குறிப்பு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். போன கூட்டத்தில் ஒரே சண்டை. ஒருவர் ‘பாயின்ட் ஆஃப் ஆர்டர்’ என்றார். தலைவர் ஏதோ சொன்னார். இன்னொருவர் கூட்டத்தை ஒத்திவைக்கணும் என்றார். கடைசியில் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். இதையெல்லாம் மினிட் புத்தகத்தில் எப்படி எழுதுவது? ‘கூச்சல் குழப்பத்தால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதினால் போதுமா?’

போதாதுங்க. ஏன் என்பதை என் தலையில் விழுந்த அடியிலிருந்தே சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால், பி.ஏ.பி. பாசனப் பகுதியில் நான் வேலை பார்த்தபோது ஒரு சங்கத்தின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எழுத ஆள் இல்லை என்று பேனாவை என் கையில் கொடுத்தார்கள். கால்வாய் தூர்வார ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூலிப்பதா வேண்டாமா என்பதில் தலைமடைக்காரர்களுக்கும் கடைமடைக்காரர்களுக்கும் வாய்த்தகராறு முற்றியது. தலைவர் ‘போதும், இன்னொரு நாள் பார்க்கலாம்’ என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பாதிப்பேர் அவர் பின்னால் போனார்கள். மீதிப்பேர் உட்கார்ந்திருந்து, வேறொருவரைத் தலைவராக்கி, தூர்வாரும் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். நான் புத்தகத்தில் ‘கூச்சல் குழப்பத்தால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு வந்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அந்த வரியை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் சண்டை போட்டன. ‘தலைவர் தன்னிஷ்டத்துக்குப் போனார், கூட்டம் ஒத்திவைக்கப்படவே இல்லை’ என்றது ஒரு தரப்பு. ‘புத்தகத்திலேயே ஒத்திவைக்கப்பட்டது என்று இருக்கிறதே, அதற்குப் பிறகு போட்ட தீர்மானம் எப்படிச் செல்லும்?’ என்றது இன்னொரு தரப்பு. இரண்டு பேரும் என்னையே சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். ஒத்திவைத்தது யார், ஓட்டுக்கு விட்டார்களா, எத்தனை மணிக்கு, எந்தத் தேதிக்கு? நான் எழுதிய வரியில் இதற்கெல்லாம் பதில் இல்லை. பணம் வசூலாகவில்லை. கால்வாயில் மண் அப்படியே கிடந்தது. அந்தச் சுற்றில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் காய்ந்தது. அன்றைக்கு நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

‘பட்டது’ என்ற சொல் ஆளை விழுங்கிவிடும்

பள்ளிக்கூடத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை படித்திருப்போம். ‘கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது’ என்பது செயப்பாட்டுவினை. செய்தது யார் என்று அதில் இல்லை. அமைதியாக நடந்த கூட்டத்தில் அது பெரிய குறை ஆகாது. சண்டை நடந்த கூட்டத்தில் வழக்கே ‘யார் செய்தது’ என்பதைப் பற்றித்தான் வரும். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை தொடங்கிய நிமிடத்திலிருந்து செய்வினையிலேயே எழுதுங்கள். உறுப்பினர் எழுப்பினார். தலைவர் தீர்ப்பளித்தார். ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். கூட்டம் தீர்மானித்தது. தலைவர் அறிவித்தார்.

இதில் ‘தலைவர் தீர்ப்பளித்தார்’ என்பதும் ‘கூட்டம் தீர்மானித்தது’ என்பதும் வேறு வேறு. முதலாவது ஒரே ஆளின் முடிவு. விதியைப் பார்த்து அவர் சொல்வது. இரண்டாவது ஓட்டெடுத்து எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. இந்த இரண்டையும் கலந்து எழுதினால் பின்னால் பிரிக்க முடியாது.

இன்னொரு விஷயம். நம் ஊர்ப்பக்கம் ஒரு சங்கத்தில் பழனிசாமி நான்கு பேர் இருப்பார்கள், சுப்பிரமணியம் ஐந்து பேர் இருப்பார்கள். அதனால் பெயரோடு உறுப்பினர் எண்ணையும் எழுதுங்கள். இடது ஓரத்தில் மணியை எழுதுங்கள். எண், மணி இரண்டும் இருந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ஒழுங்குப் பிரச்னை என்றால் என்ன?

‘பாயின்ட் ஆஃப் ஆர்டர்’ என்பதைத் தமிழில் ஒழுங்குப் பிரச்னை என்கிறோம். கூட்டம் நடக்கும் முறை விதிப்படி இருக்கிறதா என்று தலைவரிடம் கேட்கும் கேள்வி அது. ‘ஏக்கருக்கு 300 ரூபாய் அதிகம்’ என்பது ஒழுங்குப் பிரச்னை இல்லை, அது கருத்து. ‘300 ரூபாய் வசூலிப்பது பற்றி அழைப்பு அறிவிப்பில் ஒரு வார்த்தையும் இல்லையே, இன்றைக்கு எப்படி ஓட்டுக்கு விடுவீர்கள்?’ என்பது ஒழுங்குப் பிரச்னை. விதி மீறப்படும்போதே எழுப்ப வேண்டும். ஒருவர் பேசிக்கொண்டிருந்தாலும் இடையில் எழுந்து கேட்கலாம். தலைவர் அதற்கு முதலில் தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடர வேண்டும்.

எழுதுகிறவர் இதில் நான்கு விஷயத்தைப் பிடித்தால் போதும். எழுப்பியது யார். எந்த விதியைச் சொன்னார். என்ன செய்யும்படி கேட்டார். தலைவர் என்ன காரணம் சொல்லி என்ன தீர்ப்பளித்தார். அவர் பேசிய ஐந்து நிமிடப் பேச்சு வேண்டியதில்லை. எந்த விதி என்று அவர் சொல்லவில்லை என்றால், ‘விதி எதையும் குறிப்பிடவில்லை’ என்று எழுதுங்கள். நீங்களாகத் தேடிப் பிடித்து ஒரு விதி எண்ணைப் போட்டுவிடக் கூடாது.

சிலர் தங்கள் கருத்தைச் சொல்வதற்கே ‘ஒழுங்குப் பிரச்னை’ என்று எழுந்து நிற்பார்கள். அது உண்மையில் ஒழுங்குப் பிரச்னையா என்று முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை, தலைவரின் வேலை. ‘ஒழுங்குப் பிரச்னை என்று கூறி எழுப்பினார், இது ஒழுங்குப் பிரச்னை அல்ல என்று தலைவர் தீர்ப்பளித்தார்’ என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

தீர்ப்பை மட்டும் தலைவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். ‘இன்னிக்கு ஓட்டு வேண்டாம், பேசறதுன்னா பேசுங்க’ என்று அவர் சொல்லியிருந்தால், ‘விவாதிக்கலாம், இன்று வாக்கெடுப்பு இல்லை’ என்று எழுதலாம். ‘பொருள் தள்ளுபடி செய்யப்பட்டது’ என்று எழுதினால் அது வேறு முடிவு. சந்தேகம் இருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து, ‘ஐயா, நான் எழுதினதை ஒருதரம் வாசிக்கிறேன், சரியான்னு சொல்லுங்க’ என்று கேட்டுவிடுங்கள். அரை நிமிடம்தான் ஆகும். வாசிக்கும்போது சத்தமும் கொஞ்சம் அடங்கும். இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

தலைவரின் தீர்ப்பை யாராவது எதிர்த்தால் அதையும் எழுத வேண்டும். நம் சட்டமன்றத்தில் ஒழுங்குப் பிரச்னை மீது பேரவைத் தலைவரின் முடிவே இறுதி. அமெரிக்கப் பழக்கத்தில் தலைவரின் தீர்ப்பை எதிர்த்துக் கூட்டத்தின் ஓட்டுக்கே போகலாம். உங்கள் சங்கத்தில் எந்த முறை என்பதைத் துணைவிதியில் பாருங்கள். எதுவாக இருந்தாலும், ‘இன்னார் எதிர்ப்புத் தெரிவித்தார், தலைவர் தீர்ப்பை மாற்றவில்லை’ என்ற ஒரு வரி இருந்தால், பிறகு மேலிடத்துக்குப் போகிறவருக்கு அது ஆதாரம்.

ஒத்திவைப்பில் நான்கு வகை

நாம் ‘ஒத்திவைப்பு’ என்று ஒரே சொல்லில் சொல்வது நான்கு வேறு காரியங்கள். ஒன்று, ஒரு பொருளை மட்டும் தள்ளிவைத்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போவது. இரண்டு, கூட்டத்தைப் பத்து நிமிடமோ ஒரு மணி நேரமோ நிறுத்தி மறுபடி தொடங்குவது. மூன்று, கூட்டத்தையே வேறொரு நாளுக்குத் தள்ளுவது. நான்கு, கூட்டத்தை முடித்துவிடுவது. எந்த வகை என்று தெரியும்படி எழுதவில்லை என்றால், மீதமிருந்த பொருள்கள் உயிரோடு இருக்கின்றனவா இல்லையா என்பதே தெரியாது.

செய்தித்தாளில் ‘எதிர்க்கட்சிகள் ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தன’ என்று படிப்போம். அது இந்த நான்கிலும் சேராது. மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு அவசரமான ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று சபையில் கேட்பது அது. வீட்டுக்குப் போகலாம் என்று கேட்பது இல்லை. சங்கக் குறிப்பில் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துப் போட்டால் குழப்பம் வரும். ‘கூட்டத்தை இந்தத் தேதிக்கு ஒத்திவைக்கும் தீர்மானம்’ என்று முழுதாக எழுதுங்கள்.

அடுத்து, யார் ஒத்திவைத்தது என்பது. உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்து ஓட்டில் ஜெயித்ததா? அமளியால் தலைவர் தாமே நிறுத்தினாரா? குறைவெண் இல்லாமல் போனதா? கிராம சபைக்கு மக்கள்தொகையைப் பொறுத்து 50, 100, 200, 300 பேர் என்று குறைவெண் வைத்திருக்கிறார்கள். சங்கத்துக்கு அதன் துணைவிதியில் இருக்கும். நம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்றாலும் பாதி வீட்டில் பனியன் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஷிப்ட் நேரம் ஆனதும் எழுந்து போவார்கள். பத்து மணிக்குப் போட்ட கையெழுத்தை வைத்துப் பன்னிரண்டு மணிக்குக் குறைவெண் இருந்ததாக எழுத முடியாது. ஓட்டெடுக்கும் நேரத்தில் தலை எண்ண வேண்டும்.

இதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய கூட்டத்தையே பாருங்கள். 2017 பிப்ரவரி 18, தமிழ்நாடு சட்டப்பேரவை. எடப்பாடி பழனிசாமி அரசு மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. பேரவைத் தலைவர் நம் திருப்பூர் மாவட்டத்து அவிநாசித் தொகுதியிலிருந்து தேர்வான ப. தனபால். ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். பேரவைத் தலைவர் ஏற்கவில்லை. பெரிய அமளி நடந்தது. அவையை முதலில் பகல் 1 மணிக்கும், மறுபடி 3 மணிக்கும் ஒத்திவைத்தார்கள். தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதன் பிறகு நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 122, எதிர்ப்பு 11.

யார் பக்கம் சரி என்பது இங்கே நம் பேச்சு இல்லை. குறிப்பு எழுதுகிறவர் கண்ணோடு பாருங்கள். கோரிக்கை ஒன்று, அதன் மேல் தலைவரின் முடிவு ஒன்று. மணி குறித்த இரண்டு ஒத்திவைப்பு. வெளியேற்றம் ஒன்று. கடைசியில் எண்ணிக்கையோடு ஒரு வாக்கெடுப்பு. ‘அமளிக்கு இடையே தீர்மானம் நிறைவேறியது’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் இத்தனையும் போயிருக்கும். வாக்கெடுப்பின்போது யார் உள்ளே இருந்தார்கள், யார் இல்லை என்பதும் தெரிந்திருக்காது. பிறகு கேள்வி எழுந்ததே அதைப் பற்றித்தான்.

நாற்காலியில் இருந்தது யார்?

தலைவர் எழுந்து போய்விட்டால்? நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். இதற்கும் நம் சட்டமன்றத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1972 நவம்பர் 13ஆம் தேதி பேரவைத் தலைவராக இருந்த கே.ஏ. மதியழகன் சபையை டிசம்பர் 5ஆம் தேதிக்கு ஒத்திவைத்தார். ஆனால் டிசம்பர் 2ஆம் தேதியே சபை கூடியது. அவரை நீக்கும் தீர்மானம் வந்தது. அப்படித் தீர்மானம் விவாதத்தில் இருக்கும்போது பேரவைத் தலைவர் அவையை நடத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 181ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் அவர் நாற்காலியை விடவில்லை. துணைத் தலைவர் பெ. சீனிவாசன் வேறொரு நாற்காலியில் அமர்ந்து அவையை நடத்தினார். ஒரே மண்டபத்தில் ஒரே நேரத்தில் இரண்டு தலைவர்கள். நீக்கும் தீர்மானம் அன்றே நிறைவேறியது.

இப்படி ஒரு நாளில் குறிப்பு எழுதுகிறவர் ‘தலைவர் கூறினார்’ என்று மட்டும் எழுதினால் எந்தத் தலைவர் என்று யாருக்குத் தெரியும்? அதனால் நாற்காலி கை மாறும் ஒவ்வொரு தடவையும் மணியோடு எழுத வேண்டும். எத்தனை மணிக்கு யார் எழுந்தார், என்ன சொல்லிவிட்டு எழுந்தார், யார் முன்மொழிந்து யார் உட்கார்ந்தார், அப்போது எத்தனை பேர் இருந்தார்கள் என்று எழுத வேண்டும்.

தலைவர் நினைத்தபோது கூட்டத்தை நிறுத்திவிட்டுப் போகலாமா என்பது பழைய கேள்வி. வேலை முடியாமல் இருக்கும்போது தன்னிஷ்டத்துக்குக் கலைக்க முடியாது, கூட்டம் வேறொருவரைத் தலைவராக்கித் தொடரலாம் என்று இங்கிலாந்தில் 1894-லேயே ஒரு கம்பெனி வழக்கில் தீர்ப்பு வந்தது. அமளி என்றால் தலைவர் நிறுத்தலாம், ஆனால் ஒழுங்கு திரும்பத் தேவையான நேரத்துக்கு மட்டும்தான் என்று பின்னாளில் இன்னொரு வழக்கில் சொன்னார்கள். உங்கள் சங்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது துணைவிதியைத்தான். ஆனால் எந்த விதியை வைத்துப் பார்ப்பதாக இருந்தாலும் பார்க்கிறவருக்குத் தேவை ஒன்றுதான். அமளி நிஜமாகவே இருந்ததா, தலைவர் அடக்க முயன்றாரா, எவ்வளவு நேரத்துக்கு நிறுத்தினார் என்ற விவரம். அதை எழுதிவைக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

ஒரு கூட்டத்தை எழுதிப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்கு ஒரு சங்கத்தை வைத்துக்கொள்வோம். குறைவெண் 60. வசூல் பற்றிய தீர்மானம் என்றால் 15 நாளுக்கு முன்னால் அறிவிப்பில் சொல்லியிருக்க வேண்டும் என்பது துணைவிதி 14. நான்காவது பொருள் தூர்வாருதல், ஐந்தாவது மதகு பழுதுபார்ப்பு. குறிப்பு இப்படி இருக்கட்டும்:

*காலை 10.30: தலைவர் கூட்டத்தைத் தொடங்கினார். கையெழுத்திட்டோர் 84.*

*11.20: பொருள் 4. கால்வாய் தூர்வார ஏக்கருக்கு 300 ரூபாய் வசூலிக்கலாம் என்று உறுப்பினர் எண் 61 முன்மொழிந்தார். எண் 18 வழிமொழிந்தார்.*

*11.25: உறுப்பினர் எண் 27 ஒழுங்குப் பிரச்னை எழுப்பினார். அறிவிப்பில் ‘தூர்வாருதல் குறித்து விவாதம்’ என்று மட்டுமே உள்ளது, வசூல் பற்றி இல்லை. துணைவிதி 14-இன்படி இன்று வாக்கெடுப்பு நடத்தக் கூடாது என்று கோரினார்.*

*11.32: தலைவர் அறிவிப்பின் நகலை வாசித்தார். வசூல் பற்றிக் குறிப்பு இல்லாததால் ஒழுங்குப் பிரச்னையை ஏற்பதாகவும், பொருள் 4-ஐ விவாதிக்கலாம், வசூல் மீது இன்று வாக்கெடுப்பு இல்லை என்றும் தீர்ப்பளித்தார்.*

*11.34: உறுப்பினர் எண் 61 தீர்ப்புக்கு எதிர்ப்புத் தெரிவித்தார். தலைவர் தீர்ப்பை மாற்றவில்லை.*

*11.40: உறுப்பினர்களிடையே கடும் வாக்குவாதம். அமைதி காக்கும்படி தலைவர் இருமுறை கேட்டுக்கொண்டார்.*

*11.45: அமைதி திரும்பாததால் தலைவர் தாமே கூட்டத்தை 15 நிமிடம் நிறுத்தினார்.*

*12.00: அதே தலைவர் கூட்டத்தை மீண்டும் தொடங்கினார். எண்ணியதில் இருந்தோர் 82.*

*12.05: பொருள் 4, 5 ஆகியவற்றைத் தொடர இக்கூட்டத்தை இன்றிலிருந்து 21ஆம் நாள், ஞாயிறு காலை 10.30 மணிக்கு இதே இடத்துக்கு ஒத்திவைக்க வேண்டும் என்று உறுப்பினர் எண் 12 முன்மொழிந்தார். எண் 40 வழிமொழிந்தார்.*

*12.12: கை உயர்த்தி வாக்கெடுப்பு. ஆதரவு 43, எதிர்ப்பு 36, நடுநிலை 3. தீர்மானம் நிறைவேறியது.*

*12.15: மேற்படி தேதிக்குக் கூட்டம் ஒத்திவைக்கப்படுவதாகத் தலைவர் அறிவித்தார்.*

கடைசி எண்களைக் கூட்டிப் பாருங்கள். 43, 36, 3 சேர்த்தால் 82. இருந்தவர்களும் 82. குறைவெண்ணுக்கு மேலேயே இருக்கிறது. தலைவர் ஓட்டுப் போட்டாரா இல்லையா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை இருந்தவர்களைவிட அதிகமாக வந்தால் யாரோ இரண்டு கை தூக்கியிருக்கிறார்கள், அல்லது எண்ணியது தப்பு. கூட்டம் கலைவதற்கு முன்னால் மறுபடி எண்ணச் சொல்ல வேண்டும். கலைந்த பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

இந்தக் குறிப்பில் இரண்டு நிறுத்தம் இருக்கிறது. 11.45-க்கு நிறுத்தியது தலைவர். அதற்குக் காரணமும் அளவும் இருக்கிறது. 12.15-க்கு ஒத்திவைத்தது கூட்டம். தலைவர் அறிவிக்க மட்டும் செய்தார். இரண்டையும் படிக்கிறவர் குழப்பிக்கொள்ள மாட்டார்.

இன்னொரு பயனும் இருக்கிறது. ஒத்திவைத்த கூட்டம் புதுக் கூட்டம் இல்லை. பழைய கூட்டத்தின் தொடர்ச்சிதான். மீதமிருந்த பொருளை மட்டும்தான் அதில் எடுக்கலாம். அப்படியானால் பழைய அறிவிப்பில் இருந்த ஓட்டையும் கூடவே தொடரும். 21 நாள் தள்ளிப்போனது என்பதாலேயே 300 ரூபாய் வசூலை அன்றைக்கு ஓட்டுக்கு விட்டுவிட முடியாது. தலைவரின் தீர்ப்பும் காரணமும் தெளிவாக எழுதியிருப்பதால், செயலாளர் அதைப் படித்துவிட்டு, ‘ஏக்கருக்கு 300 ரூபாய் வசூலித்தல்’ என்று பெயர் சொல்லித் தனியாக ஒரு சிறப்புக் கூட்டத்துக்கு 15 நாளுக்கு முன்பே அறிவிப்பு அனுப்பிவிடலாம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒத்திவைத்த கூட்டம் முடிந்ததும் சிறப்புக் கூட்டத்தை நடத்திவிடலாம். அடுத்த சுற்றுத் தண்ணீர் வருவதற்குள் மண்ணை அள்ளிவிடலாம். ‘குழப்பத்தால் ஒத்திவைக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தால் இந்த வழி யாருக்கும் தெரியாது. அதே அறிவிப்போடு மறுபடி கூடி, அதே கேள்வியில் மறுபடி முட்டிக்கொள்வார்கள்.

கைநோட்டும் மினிட் புத்தகமும்

கூட்டத்தில் நேராக மினிட் புத்தகத்தில் எழுதாதீர்கள். ஒரு கைநோட்டில் கோடு போட்டு, இடப்பக்கம் மணி, நடுவில் யார், வலப்பக்கம் என்ன என்று மூன்று பத்தியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று ராத்திரியே, ஞாபகம் சூடாக இருக்கும்போது, புத்தகத்தில் எழுதிவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் குறிப்பு ஒப்புதல் ஆகும்வரை கைநோட்டைக் கிழித்துப் போடாதீர்கள். புத்தகத்தில் பக்கத்துக்கு எண் இருக்க வேண்டும். தவறு வந்தால் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போடுங்கள். வெள்ளை மை தடவினால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்ற சந்தேகம் கடைசிவரை தீராது. பக்கத்தின் அடியில் இடம் மீந்தால் குறுக்குக் கோடு போட்டு அடைத்துவிடுங்கள்.

வாசகர்கள் கேட்ட மற்ற கேள்விகள்

*‘ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதை எழுத வேண்டுமா?’ - பல்லடம் வாசகர்*

வேண்டாம். ‘கடும் வாக்குவாதம்’ என்பது போதும். ஆனால் ஒரு சொல்லைத் திரும்பப் பெறும்படி தலைவர் உத்தரவிட்டால், அது தலைவரின் முடிவு. ‘தலைவர் கேட்டுக்கொண்டபடி உறுப்பினர் எண் இன்னது தம் சொல்லைத் திரும்பப் பெற்றார்’ என்று எழுதுங்கள். அந்தச் சொல்லை எழுத வேண்டியதில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக இருந்தால், 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 118ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒருவருக்கு அவதூறானது, பொருளுக்குச் சம்பந்தமில்லாதது என்று தலைவர் கருதுவதைக் குறிப்பில் சேர்க்கக் கூடாது. அந்த நிறுவனங்களுக்குக் கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் குறிப்பு புத்தகத்தில் ஏறிவிட வேண்டும் என்ற கெடுவும் உண்டு.

*‘அடுத்த கூட்டத்தில் குறிப்பு வாசிக்கும்போது, அன்றைய தலைவரின் தீர்ப்பே தப்பு, அதை மாற்றி எழுதணும் என்கிறார்கள். மாற்றலாமா?’ - தாராபுரம் வாசகர்*

குறிப்பை ஒப்புதல் செய்வது என்றால், நடந்தது நடந்தபடி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான். தலைவர் சொன்னதை நீங்கள் தப்பாக எழுதியிருந்தால் திருத்தலாம். அவர் சொன்னதே தப்பு என்றால் திருத்த முடியாது. அவர் அன்று அப்படித்தான் சொன்னார், அது அப்படியே இருக்க வேண்டும். வேறு முடிவு வேண்டும் என்றால் புதிதாக ஒரு தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். அது புது வரியாக, புதுத் தேதியில் வரட்டும்.

*‘செல்போனில் பதிவு செய்துகொண்டால் இத்தனை எழுத்து வேலை தேவையா?’ - உடுமலை வாசகர்*

பதிவு செய்வதென்றால் கூட்டத்தின் தொடக்கத்திலேயே தலைவரிடம் கேட்டு, அனுமதித்தார் என்று ஒரு வரி எழுதிவிட்டுச் செய்யுங்கள். எழுதியதைச் சரிபார்க்க அது உதவும். ஆனால் எண்பது பேர் ஒரே நேரத்தில் சத்தம் போடும்போது செல்போனில் சத்தம்தான் பதியும். கை தூக்கியவர்களின் எண்ணிக்கை பதியாது. கூட்டத்தின் முடிவு என்று கையெழுத்து விழுவது புத்தகத்தில்தான்.

காங்கேயம் வாசகருக்குக் கடைசியாக ஒன்று. போன கூட்டத்தின் குறிப்பை நீங்கள் இன்னும் எழுதவில்லை என்று தெரிகிறது. இப்போதே கைநோட்டை எடுங்கள். நினைவில் இருப்பதை மணி வாரியாகக் குறித்துவிட்டு, தலைவரையும், ஒழுங்குப் பிரச்னை எழுப்பியவரையும், ஒத்திவைக்கக் கேட்டவரையும் தனித்தனியாகப் பார்த்து வாசித்துக்காட்டுங்கள். மூன்று பேரும் ஒத்துக்கொள்வதைப் புத்தகத்தில் ஏற்றுங்கள். ஓட்டெடுப்பு நடக்கவே இல்லை என்றால், ‘ஒத்திவைக்கும்படி இன்னார் கேட்டார்; வாக்கெடுப்பு நடைபெறவில்லை; உறுப்பினர்கள் எழுந்து சென்றனர்’ என்றே எழுதுங்கள். தலைவருக்கோ கேட்டவருக்கோ அது பிடிக்காமல் போகலாம். ஆனால் நடந்தது அதுதான் என்றால், புத்தகத்திலும் அதுதான் இருக்க வேண்டும்.